ஒரே சாயம், அம்மாவுக்கு ஒரு நிறம், மகளுக்கு மூன்று நிறம்

கேள்வி: என் முடி கறுப்பு. அட்டையில் சாம்பல் கலந்த இளம்பழுப்பு நிறம் போட்டிருந்த 7.1 ஹேர் கலர் வாங்கி, கூடவே வந்த 6 சதவீத டெவலப்பரில் கலந்து வீட்டிலேயே பூசினேன். உச்சந்தலையில் செம்பு நிறம், அதற்குக் கீழே செம்பழுப்பு, காதுக்குக் கீழே மாற்றமே இல்லை. போன வருடம் ஒரு கல்யாணத்துக்காகக் கறுப்பு டை போட்டிருந்தேன். டியூபில் பாதி மீதி இருந்தது. மறுநாள் அதை அம்மாவின் முழு நரைமுடியில் பூசினோம். அவருக்கு மட்டும் அட்டையில் இருந்த நிறம் அப்படியே வந்தது. சாயம் ஒன்றுதானே, இது எப்படி? இன்னொரு பெட்டி வாங்கி மேலே பூசினால் சரியாகுமா?

பதில்:

இன்னொரு பெட்டி வாங்காதீர்கள். பூசினால் உச்சந்தலை இன்னும் செம்பாகும், காதுக்குக் கீழே இருப்பது அப்படியே இருக்கும்.

காரணத்தை உங்கள் அம்மாவின் தலையே காட்டிக்கொடுத்துவிட்டது. நரைமுடியில், முடிக்கு இயற்கையாக நிறம் தரும் மெலனின் கிடையாது. லேசான மஞ்சள் மட்டுமே இருக்கும். அதனால் 7.1 என்ற சாயம் தன் சொந்த நிறத்தை எந்தக் குறுக்கீடும் இல்லாமல் அங்கே காட்டியது. உங்கள் முடியில் அதற்கு அந்த வாய்ப்பு இல்லை. ஹேர் கலர் கீழே இருப்பதை மூடி மறைக்கும் பொருள் அல்ல. பழுப்புத் தாளில் வாட்டர் கலர் தீட்டினால் தாளின் நிறமும் சேர்ந்துதான் தெரியும். இங்கேயும் அதே கதைதான். கண்ணுக்குத் தெரிவது சாயத்தின் நிறமும், வெளுத்தது போக முடியில் மிஞ்சிய நிறமும் சேர்ந்த ஒன்று. அட்டைப் படம் இதில் முதல் பாதியை மட்டும் காட்டுகிறது. இரண்டாவது பாதி உங்களுடையது, அது எந்தக் கம்பெனிக்கும் தெரியாது.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். 7.1 என்பதில் புள்ளிக்கு முன்னால் இருப்பது லெவல், அதாவது எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெளுப்பு என்ற அளவு. 1 என்றால் முழுக் கறுப்பு, 10 என்றால் மிக வெளிறிய பொன்னிறம். 3 அடர்பழுப்பு, 5 இளம்பழுப்பு, 7 என்பது ஏற்கெனவே பொன்னிறக் கணக்கில் சேர்ந்துவிடும். புள்ளிக்குப் பின்னால் இருப்பது சாயல். பெரும்பாலான கம்பெனிகளில் 1 என்றால் ஆஷ், 3 என்றால் பொன். மற்ற எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆஷ் என்பது சாம்பல் நிறத்தில் ஒரு பொடி கலந்திருப்பதல்ல. நீலமோ பச்சையோ சற்றுத் தூக்கலாக வைத்திருக்கும் கலவை அது. இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

நம் ஊரில் கறுப்பு என்று சொல்லும் இயற்கையான முடி பெரும்பாலும் 1 அல்ல, 2 அல்லது 3. உண்மையான 1 அநேகமாக டை போட்ட தலையில்தான் இருக்கும். உங்களுடையது எது என்று பார்க்க, எண்ணெய் வைக்காத, உலர்ந்த முடியில் ஒரு மெல்லிய கற்றையைத் தலையிலிருந்து விலக்கிப் பிடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெயில் பட்டு வெளுத்த நுனியை விட்டுவிட்டு, வேரை ஒட்டிய பகுதியைப் பாருங்கள். வெளிச்சத்தில் பழுப்பு துளியும் தட்டாவிட்டால் 2, அடர்பழுப்பாகத் தெரிந்தால் 3. குளியலறை விளக்கில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உங்களுக்கு 2 என்றே வைத்துக்கொள்கிறேன்.

இனி அடிநிறம், அதாவது முடி வெளுக்கும்போது அடியிலிருந்து வெளிப்படும் நிறம். முடியின் மேலே செதில் செதிலாக ஓர் உறை இருக்கிறது, அதற்குள்ளே கார்டெக்ஸ் என்ற தண்டுப் பகுதி. மெலனின் துகள்கள் இந்தக் கார்டெக்ஸில்தான் இருக்கின்றன. அவற்றில் இரண்டு வகை: கறுப்பும் பழுப்பும் தரும் யூமெலனின், சிவப்பும் மஞ்சளும் தரும் ஃபியோமெலனின். கறுப்பு முடியில் பெரும்பங்கு யூமெலனின். டெவலப்பரில் உள்ள பெராக்சைடு இவற்றைச் சிதைக்கும்போது எல்லா நிறமும் ஒரே சீராகக் குறைந்து, கறுப்பு அப்படியே சாம்பலாகி, சாம்பல் வெள்ளையாகும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். நடப்பது வேறு. யூமெலனின் பாதி சிதைந்ததும் மிஞ்சியிருப்பது நீல ஒளியை அதிகமாக விழுங்கி, சிவப்பையும் மஞ்சளையும் திருப்பி அனுப்புகிறது. ஃபியோமெலனினோ ப்ளீச்சுக்கு எளிதில் மசிவதில்லை, கடைசிவரை தாக்குப்பிடிக்கும். பார்லர்களில் இதை "முதலில் நீலம் போகும், அடுத்து சிவப்பு, கடைசியில் மஞ்சள்" என்று சொல்லிக்கொடுப்பார்கள். வேதியியல் கண்ணால் பார்த்தால் அது முழு உண்மை அல்ல, ஆனால் வேலைக்கு உதவுகிற ஒரு சுருக்கம்.

ஆக, கறுப்பு முடி வெளுக்கும்போது எந்தத் தலையாக இருந்தாலும் ஒரே பாதையில்தான் போகும். 2, 3 லெவலில் அடியில் இருப்பது கருஞ்சிவப்பு. 4-இல் சிவப்பு, 5-இல் செவ்வாரஞ்சு, 6-இல் ஆரஞ்சு, 7-இல் மஞ்சள் தட்டிய ஆரஞ்சு, 8-இல் மஞ்சள், 9-இல் வெளிர்மஞ்சள், 10-இல் வாழைப்பழத் தோலின் உட்புறம் இருக்குமே, அந்த மஞ்சள். நாள் முழுக்க வெயிலில் அலையும் பிள்ளைகளின் முடி நுனி செம்பட்டையாவதும் இந்தப் பாதையின் முதல் சில அடிகள்தான். அங்கே பெராக்சைடின் வேலையை வெயில் செய்கிறது. இதில் எந்தப் படியையும் தாண்டிக் குதிக்க முடியாது. 2-இலிருந்து 7-க்குப் போக வேண்டுமானால் சிவப்பையும் ஆரஞ்சையும் கடந்துதான் போக வேண்டும்.

இப்போது நீங்கள் பூசிய கலவை என்ன செய்தது என்று பார்ப்போம். நிரந்தரச் சாயம் இரண்டு வேலைகளை ஒரே சமயத்தில் செய்கிறது. அம்மோனியா செதிலுறையைத் திறந்து பெராக்சைடைத் தூண்டிவிடுகிறது. பெராக்சைடு ஒரு கையால் இயற்கை மெலனினைச் சிதைக்கிறது; மறு கையால், உள்ளே நுழைந்த சின்னஞ்சிறு நிறமற்ற சாய மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைத்துப் பெரிய நிற மூலக்கூறுகளாக்குகிறது. பெரிதானபின் அவை எளிதில் வெளியே வர முடியாமல் முடிக்குள் தங்கிவிடுகின்றன. முப்பது, நாற்பது நிமிடத்தில் இரண்டு வேலையும் அடங்கிவிடும். அதற்குமேல் ஒரு மணி நேரம் ஊறவைத்தாலும் வெளுப்பு பெரிதாகக் கூடாது, எரிச்சல்தான் கூடும்.

அந்த முப்பது, நாற்பது நிமிடத்தில் எவ்வளவு வெளுக்கும் என்பதை டெவலப்பர் முடிவு செய்கிறது. 3 சதவீதம், அதாவது 10 வால்யூம், ஏறக்குறைய நிறம் ஏற்றுவதோடு நின்றுவிடும். 6 சதவீதம், 20 வால்யூம், ஒன்று அல்லது இரண்டு லெவல் வெளுக்கும். 9 சதவீதம் இரண்டிலிருந்து மூன்று. 12 சதவீதம் மூன்றிலிருந்து நான்கு. உங்கள் பெட்டியில் இருந்தது 6. எனவே 2 லெவல் முடி, எல்லாம் நன்றாக நடந்தால், 4-க்கு வந்திருக்கும். 7 என்று எழுதியிருப்பதால் அது 7-க்குத் தூக்கிவிடாது. அந்த எண் சாயத்தில் உள்ள நிறத்தின் அடர்த்தியைச் சொல்கிறதே தவிர, வெளுக்கும் திறனைச் சொல்லவில்லை.

பார்லர்களில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. வேண்டிய லெவலை இரண்டால் பெருக்கி, முடியின் லெவலைக் கழித்தால், எந்த லெவல் சாயம் எடுக்க வேண்டும் என்று வரும். 3 லெவல் முடியை 5 ஆக்க வேண்டுமானால், பத்தில் மூன்று போக 7. அதாவது 7 என்று எழுதிய டியூபைப் பூசினால் கிடைப்பது 5. இதையே திருப்பிப் போட்டால், முடியின் லெவலுக்கும் சாயத்தின் லெவலுக்கும் நடுவில்தான் விடை விழும். உங்கள் 2-க்கும் டியூபின் 7-க்கும் நடு நாலரை. டெவலப்பர் கணக்கில் 4, இந்தக் கணக்கில் நாலரை. இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. இது தோராயக் கணக்கு. முடி இழை தடிப்பா மெலிதா என்பதைப் பொறுத்து அரை லெவல் முன்னே பின்னே போகும். டெவலப்பரின் எல்லைக்கு உட்பட்டுத்தான் இது செல்லும் என்பதையும் மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் 10 லெவல் டியூபை வாங்கி 2-க்கும் 10-க்கும் நடுவே 6 கிடைக்கும் என்று எதிர்பார்ப்பவர்களும் உண்டு. கிடைக்காது; 6 சதவீதம் 4-இலேயே நின்றுவிடும், மேலே ஏற்ற அந்த டியூபில் நிறமும் இருக்காது. வெறும் சிவப்பு மிஞ்சும்.

சரி, 4-க்கு வந்த முடி ஏன் சாம்பல் பழுப்பாக இல்லாமல் செம்பழுப்பாக இருக்கிறது? ஆஷில் உள்ள நீலம் சிவப்பை அடக்கியிருக்க வேண்டாமா? இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஆரஞ்சுக்கு எதிர்நிறம் நீலம், மஞ்சளுக்கு ஊதா, சிவப்புக்குப் பச்சை. 7.1-இல் உள்ள நீலம் 7 லெவல் முடியின் மஞ்சள் தட்டிய ஆரஞ்சைச் சமாளிக்க அளந்து போட்டது. 7 லெவல் சாயம் என்பதால் மொத்த நிறமே அதில் குறைவு, அந்த நீலமும் குறைவு. உங்கள் முடியில் அது சந்தித்ததோ 4 லெவலின் கனத்த சிவப்பு. நிறமும் வேறு, அளவும் வேறு. பகல் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் அந்தப் பகுதியின் சிவப்பு சற்றே மந்தமாகத் தெரியும். ஆஷ் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

உங்கள் தலையில் விழுந்திருக்கும் மூன்று பட்டைகளையும் இனி எளிதாகப் படிக்கலாம். உச்சந்தலையை ஒட்டிய ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் செம்பாக இருப்பது உடல் சூட்டால். தலைத்தோலின் வெதுவெதுப்பில் பெராக்சைடு வேகமாக வேலை செய்யும். அங்கே முடி 5-ஐத் தொட்டிருக்கும், செவ்வாரஞ்சு வெளியே வந்துவிட்டது. அதற்குக் கீழே சூடு எட்டாத இயற்கை முடி 4-இல் நின்றது. காதுக்குக் கீழே இருப்பது போன வருடம் டை போட்ட முடி. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஒரு வருடத்தில் பன்னிரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் புதுமுடி வந்திருக்கும். அந்தப் புதுமுடி முடிகிற இடமும் உங்கள் கறுப்பு தொடங்குகிற இடமும் ஒன்றாகத்தான் இருக்கும். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். நிரந்தரச் சாயத்தில் உள்ள பெராக்சைடு இயற்கை மெலனினைச் சிதைக்கும், ஏற்கெனவே போட்ட சாயத்தைச் சிதைக்காது. சாயத்தைச் சாயம் வெளுக்காது என்பது இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். இரண்டாவது பெட்டி ஏன் வேண்டாம் என்றேன் என்பதும் இதிலேயே அடங்கிவிட்டது.

டெவலப்பரை 12 சதவீதமாக மாற்றினால் என்ன என்று அடுத்து உங்களுக்குத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2-இலிருந்து நான்கு லெவல் ஏறினாலும் 6, அதன் அடிநிறம் அசல் ஆரஞ்சு. தலைத்தோல் எரிந்ததற்குக் கிடைத்த பலன், சிவப்பு போய் ஆரஞ்சு வந்தது மட்டும்தான். 12 சதவீதத்தோடு பூசச் சொல்லும் ஹை லிஃப்ட் சாயங்கள் ஏற்கெனவே 6, 7 லெவலில் இருக்கும் முடிக்காகச் செய்தவை. வெளிநாட்டு வீடியோவில் அதை ஒரே கையில் பூசி வெண்பொன்னாக்கிக் காட்டுகிறவர் தொடங்கும் இடம்தான் நாம் சாயத்தால் போய்ச் சேரும் கடைசி இடம்.

உங்கள் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, இருக்கும் இடத்திலேயே ஒழுங்குபடுத்துவது. செம்பும் செம்பழுப்புமான பகுதியில் மட்டும் 4 லெவல் சாயம், 3 சதவீத டெவலப்பர். 3 சதவீதம் ஏன் என்றால், இங்கே வெளுக்கவே கூடாது. வெளுத்தால் இன்னும் செம்பு கிளம்பும். உச்சந்தலையின் செவ்வாரஞ்சு மந்தமாக வேண்டுமானால் 4.1 எடுக்கலாம், ஆனால் முழுக்க 4.1 போட்டால் கறுத்து, உயிரில்லாமல் தெரியும் என்பதால் சாயல் இல்லாத 4.0-உடன் சரிபாதி கலப்பதே எனக்குப் பிடித்த அளவு. ஆஷ் எந்த நிறத்தை அடக்க வேண்டுமோ அந்த நிறம் இருக்கும் லெவலிலோ ஒரு லெவல் கீழேயோ இருந்தால்தான் அடங்கும். 7.1 தோற்ற இடத்தில் 4.1 ஜெயிப்பது அதனால்தான். இருபது நிமிடம் கழித்து ஒரு கற்றையை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், பட்டை மறைந்திருந்தால் கழுவிவிடலாம். முடிவில் கிடைப்பது சீரான அடர்பழுப்பு. அட்டைப் படம் அல்ல, ஆனால் பார்க்கத் தகுந்த முடி.

இதே வழியில் இன்னொரு யோசனையும் உண்டு, எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. அடிநிறத்தோடு சண்டை போடாமல் அதைக் கூட்டாளியாக்கிக்கொள்வது. கறுப்பு முடியில் ஒரே பூச்சில் நிஜமாகக் கிடைப்பது 4, 5 லெவலில் சிவப்பு தட்டிய சாயல்கள்தான்: செம்பழுப்பு, மஹாகனி, பர்கண்டி. அடியில் இருக்கும் சிவப்பு இந்தச் சாயங்களோடு சேர்ந்துகொள்கிறது. நம் ஊர்க் கடைகளில் பர்கண்டி இவ்வளவு விற்பதற்கு விளம்பரம் மட்டும் காரணமில்லை. அந்தப் பெட்டி, கறுப்பு முடிக்கு ஏறக்குறைய சொன்னதைச் செய்கிறது. ஆஷ் பெட்டி செய்வதில்லை. ஆனால் இதிலும் போன வருடக் கறுப்பு வெளுக்காது, அந்த நுனியை வெட்டும்வரை பொறுக்க வேண்டும்.

இரண்டாவது வழி, அட்டையில் பார்த்த அந்த நிறத்துக்கே போவது. அதற்கு ப்ளீச் வேண்டும். ப்ளீச் பொடியில் பெர்சல்ஃபேட் உப்புகள் இருக்கின்றன. பெராக்சைடோடு சேரும்போது அவை மெலனினைப் பல லெவல்களுக்குக் கரைக்கும், போட்ட சாயத்தையும் கரைக்கும். நிறம் எதையும் ஏற்றாது. வெளுப்பதும் நிறமேற்றுவதும் தனித்தனி வேலைகளாகப் பிரிந்துவிடுவதுதான் இதில் உள்ள ஆதாயம். அடிநிறம் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.

எங்கே நிறுத்துவது? உங்கள் இலக்கு 7.1. ஆகவே முடி குறைந்தது 7-இன் மஞ்சள் தட்டிய ஆரஞ்சைத் தொட வேண்டும். சாம்பல் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் இன்னும் சற்றுப் போய் 8-இன் மஞ்சளை நெருங்குவது நல்லது, ஏனென்றால் வெளுத்தபின் சாயலைச் சரிசெய்யப் பூசும் டோனர் ஏறியதும் முடி அரை லெவலாவது இருண்டு தெரியும். 10 வரை போக வேண்டிய அவசியமே இல்லை. வெண்மஞ்சளாக்கிவிட்டு அதன்மேல் பழுப்பு பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே அடிநிறம் ஏதும் மிஞ்சாததால் பழுப்பு நிலைக்காமல் பச்சை தட்டிய களிமண் நிறத்துக்குப் போய்விடும். பழுப்பு பழுப்பாக நிற்பதற்கே அடியில் கொஞ்சம் ஆரஞ்சு தேவை. இத்தனை நேரம் எதிரியாகத் தெரிந்தது அங்கே அஸ்திவாரமாகிறது.

மூன்று பட்டைத் தலையில் ப்ளீச்சை ஒரே சமயத்தில் ஒரே கையாகப் பூசினால் பட்டைகள் இன்னும் எடுப்பாகும். கறுப்பு டை உள்ள பகுதியில் முதலில் பூச வேண்டும், அதுதான் நகராமல் அடம்பிடிக்கும். அது சிவப்பைத் தாண்டி ஆரஞ்சு காட்டத் தொடங்கியதும் நடுப்பகுதி. ஏற்கெனவே 5-இல் இருக்கும் உச்சந்தலைப் பகுதி கடைசி, அதற்குச் சூடும் துணை இருப்பதால் சற்று நேரமே போதும். டெவலப்பர் 6 சதவீதம் போதுமானது. ப்ளீச்சில் வெளுப்பைப் பொடி பார்த்துக்கொள்ளும். 12 சதவீதம் வேகத்தைக் கூட்டி முடியைத்தான் தின்னும். பொதுவாக ஒரு பங்கு பொடிக்கு இரண்டு பங்கு டெவலப்பர், பிளாஸ்டிக் கிண்ணத்தில். பூசிய கலவை உலர்ந்துவிட்டால் வேலை நின்றுவிடும், ஈரமாகவே இருக்க வேண்டும்.

கலவை நீலமாகவோ வெள்ளையாகவோ மேலே மூடியிருப்பதால் அதன் வழியே பார்த்து லெவலை முடிவு செய்யாதீர்கள். ஐந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கற்றையை ஈரப்பஞ்சால் சுத்தமாகத் துடைத்து, வெள்ளைத் துணிமேல் வைத்துப் பாருங்கள். ஈரத்தில் முடி ஏறக்குறைய ஒரு லெவல் இருண்டு காட்டும், அதையும் கணக்கில் சேருங்கள். பொடியின் உறையில் போட்டிருக்கும் அதிகபட்ச நேரம் ஆகியும் ஆரஞ்சிலேயே நின்றால் கழுவிவிட்டு அன்றைக்கு அதோடு விட வேண்டும். கறுப்பு டை போட்ட பகுதி ஒரே நாளில் 7-க்கு வருவது அபூர்வம். சில வாரம் இடைவெளி விட்டு இரண்டாம் முறை. இடையில் ஈரமுடியில் ஓர் இழையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். இழுபட்டுத் திரும்பிச் சுருங்கினால் பரவாயில்லை. ஜவ்வாக இழுபட்டுத் திரும்பாமல் நின்றாலோ, பட்டென்று அறுந்தாலோ அந்த முடிக்கு இனி ப்ளீச் கிடையாது, எந்த நிறத்தில் நின்றாலும் சரி.

முடி மஞ்சளை நெருங்கியபின் டோனராக எதைப் பூசுவது? உங்களிடம் இருந்ததே போதும்: 7.1. ஆனால் இம்முறை 3 சதவீத டெவலப்பரில், அல்லது கிடைத்தால் அதைவிட மென்மையானதில். இப்போது அந்த நீலத்துக்கு, அது எந்த நிறத்துக்காக அளக்கப்பட்டதோ அந்த நிறம் எதிரே இருக்கிறது. உங்கள் அம்மாவின் தலையில் என்ன நடந்ததோ அதற்கு நெருக்கமானது இங்கேயும் நடக்கும். ஈரமுடியில் பூசி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைத்துப் பாருங்கள். வெளுத்த முடி பஞ்சுபோல் உறிஞ்சும். கொஞ்சம் அசந்தால் சாம்பல் ஏறிக் கறுத்துவிடும்.

இந்தக் கட்டத்தில் வரும் கோளாறுகளுக்கும் அடிநிறம்தான் விடை சொல்லும். டோனர் பூசியபின் பச்சை தட்டினால், முடி எதிர்பார்த்ததைவிட வெளுத்து வெளிர்மஞ்சளாகியிருக்கிறது, அதன்மேல் நீல ஆஷ் விழுந்து பச்சையாகிவிட்டது. அந்த இடத்துக்கு ஊதாச் சாயல்தான் எடுத்திருக்க வேண்டும். எதுவுமே மாறாமல் ஆரஞ்சாகவே இருந்தால் முடி இன்னும் 6-இல்தான் நிற்கிறது, 7 லெவல் டோனருக்கு அந்த ஆரஞ்சை அடக்கும் பலம் இல்லை. இன்னும் வெளுக்க வேண்டும், அல்லது 6.1-க்கு இறங்க வேண்டும். ஆரஞ்சு முடிக்கு ஊதா ஷாம்பூ வாங்கிப் போட்டுப் பார்த்து ஏமாறுகிறவர்கள் ஏராளம். ஊதா மஞ்சளுக்கு எதிர்நிறம்; ஆரஞ்சுக்கு நீல ஷாம்பூ வேண்டும், அதுவும் ஆரஞ்சு லேசாக இருந்தால் மட்டும்.

டோனர் நிற்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சில வாரக் குளியலில் ஆஷ் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, அடியில் இருக்கும் மஞ்சள் ஆரஞ்சு திரும்ப எட்டிப்பார்க்கும். அது சாயத்தின் குறை அல்ல. வெளுத்த முடியின் நிரந்தர நிறம் அதுதான், மேலே இருப்பது அவ்வப்போது புதுப்பிக்க வேண்டிய ஒரு மெல்லிய ஏடு. வேரில் புதிதாக வளரும் 2 லெவல் கறுப்பும் இரண்டு மாதத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தெரியும். இந்தப் பராமரிப்புக்குத் தயாரில்லை என்றால் முதல் வழியே உங்களுக்கு நல்லது.

எந்த வழியானாலும் முழுத்தலைக்கும் போகுமுன், காதின் பின்புறத்திலிருந்து மூன்று பட்டையும் தெரியும் ஒரு மெல்லிய கற்றையைப் பிரித்து அதில் மட்டும் செய்து பாருங்கள். மருதாணி எப்போதாவது போட்டிருந்தால் இது கட்டாயம். பாக்கெட் மருதாணிப் பொடிகள் சிலவற்றில் உலோக உப்புகள் கலந்திருக்கும். பெராக்சைடு பட்டால் முடி சூடேறிப் பொடிந்துவிடும். வெறும் மருதாணி இலை மட்டுமே போட்டிருந்தால் அந்த ஆபத்து இல்லை, ஆனால் அதன் ஆரஞ்சு முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டது, ப்ளீச் போட்டாலும் முழுதாகப் போகாது, 7.1 உங்களுக்குக் கிடைக்காமலே போகலாம். புதிதாக வாங்கும் சாயத்தைக் காதின் பின்புறத் தோலில் ஒரு துளி தடவி, அரிப்போ தடிப்போ வருகிறதா என்று 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் பிறகு கற்றைக்குப் போங்கள்.